0.05 கேட்டோம், 1 வீத அட்ரோபின் வந்தது: பிள்ளைகளுக்குக் கண் துளி வாங்குகிறவர்கள் கவனம்

18,500 ரூபா போனது. அதைவிடப் பிள்ளை பட்ட பாடு. கோபம் ஆறவில்லை, அதோடேயே எழுதுகிறேன்.

மகளுக்கு ஒன்பது வயது. கிட்டப்பார்வை ஒரு வருடத்திலேயே மைனஸ் ஒன்றிலிருந்து இரண்டுக்கு ஏறிவிட்டது. கண் டொக்டர் 0.05 வீத அட்ரோபின் எழுதித் தந்தார். இரவு படுக்கப் போகும்போது ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு துளி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை. இருக்கிற பவர் இறங்காது, கண்ணாடி போடத்தான் வேணும், ஏறுகிற வேகம்தான் குறையும் என்று விளக்கினார். ஹொங்கொங்கில் 0.01, 0.025, 0.05 மூன்றையும் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் 0.05தான் கூடப் பலன் தந்ததாம்.

திருகோணமலையில் நாங்கள் கேட்ட பாமசிகளில் இல்லை. ஒன்லைனில் மருந்து விற்கிற ஒரு பக்கத்துக்கு மருந்துத் துண்டைப் படமெடுத்து அனுப்பினேன். "அக்கா, இது நாங்கள் நிறையப் பிள்ளைகளுக்குக் குடுக்கிறது, பயப்படாதேங்கோ" என்றான். அக்கா என்ற அந்த ஒரு சொல்லை நம்பித்தான் மூன்று போத்தலுக்கு 18,500 ரூபாவை முன்கூட்டியே போட்டேன்.

முதல் இரவு போட்டோம். விடிய எழும்பினால் கண்ணின் கருமணி முழுக்க விரிந்து கிடக்குது, முகம் சிவந்து வாய் வறண்டுபோச்சு. உப்புவெளி வெயிலில் வாசலுக்கே வரமாட்டேன் என்று கண்ணைப் பொத்திக்கொண்டு அழுதாள். கண்ணாடியோடு புத்தகம் வாசிக்க முடியவில்லை. கழற்றிவிட்டு ஒரு முழம் தள்ளிப் பிடித்தால் மட்டும் எழுத்துத் தெரிந்தது. 0.05இலும் கொஞ்சம் கூசும், கிட்ட கொஞ்சம் மங்கும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். ஆனால் இப்படியில்லை.

ஒட்டியிருந்த லேபிளைச் சுரண்டினேன். உள்ளே அச்சில் 1 வீதம். இருபது மடங்கு! கண் பரிசோதனைக்கும் வேறு கண் வருத்தங்களுக்கும் போடுகிற மருந்து அது. உடனே நிறுத்தச் சொன்ன டொக்டர், கண் பழைய நிலைக்கு வர ஒரு கிழமையோ இரண்டோ ஆகலாம் என்றார்.

அவனைக் கேட்டால் முதலில் "பவர் கூடினா நல்லம்தானே அக்கா" என்றான். பிறகு "திறந்த போத்தல் திருப்பி எடுக்கமாட்டோம்." பிறகு "மனேஜர் கதைப்பார்." பிறகு என்னை புளொக் பண்ணிவிட்டான். 18,500 ரூபா! வெயிலுக்குத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாய் பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்புகிறேன்.

இன்னும் எழுத நினைத்தேன், கை நடுங்குது. இதை மட்டும் பாருங்கோ. போத்தலில் வீதத்தை அச்சில் வாசியுங்கோ. மில்லிகிராமில் போட்டிருந்தால், 0.05 என்றால் ஒரு மில்லிலீற்றரில் அரை மில்லிகிராம், 1 வீதம் என்றால் பத்து. மேலே ஒட்டின லேபிள் என்றால் வாங்காதேங்கோ. காய்ச்சல், நெஞ்சு படபடப்பு, பிதற்றல் வந்தால் போத்தலையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கோ. சரியான மருந்தென்றால் நீங்களாக நிறுத்தாதேங்கோ, திடீரென்று விட்டால் பவர் திரும்ப வேகமாய் ஏறலாம்.