வாடகை அட்வான்ஸ் போன அன்று நான் வீணாக்கிய அரை மணி நேரம்

போன மாதம் கோவையில் வாடகை வீடு தேடும்போது ஏமாந்துவிட்டேன். வீட்டு ஓனர் என்று பேசியவன், தான் ராணுவத்தில் இருப்பதாகவும் டோக்கன் அட்வான்ஸ் போட்டால் செக்யூரிட்டி சாவி தருவார் என்றும் சொன்னான். 15,000 போட்டேன். "அக்கவுண்ட் சரிபார்க்க இன்னொரு 15,000 போடுங்க சார், ரெண்டும் சேர்த்துத் திரும்பி வந்துடும்" என்றான். அதையும் போட்டேன். மூன்றாவது முறை கேட்டபோதுதான் உறைத்தது. மணி மாலை 6.40.

அடுத்த அரை மணி நேரம் அவனுக்கே திரும்பத் திரும்ப போன் போட்டுக் கெஞ்சினேன். "ரீஃபண்ட் ரெக்வஸ்ட் அனுப்பியிருக்கேன், பின் நம்பர் போடுங்க" என்றான். பணம் வாங்க பின் தேவையே இல்லை. போட்டிருந்தால் இன்னும் கொஞ்சம் போயிருக்கும். பக்கத்தில் இருந்த என் மனைவிதான் போனைப் பிடுங்கி சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930-க்கு அடித்தாள்.

அங்கே முதலில் கேட்டது யுடிஆர் எண், அதாவது ஒவ்வொரு பணப் பரிமாற்றத்தையும் வங்கி அடையாளம் காணும் எண். யுபிஐ-யில் அது 12 இலக்கம், வெறும் எண்கள் மட்டும். பேமென்ட் ஆப்பில் எழுத்தும் எண்ணும் கலந்து இன்னொரு எண்ணும் இருக்கும். அது அந்த ஆப்பின் சொந்த எண், வங்கியால் அதை வைத்துத் தேட முடியாது. நான் பதற்றத்தில் அதைத்தான் முதலில் சொன்னேன். இரண்டு முறை அனுப்பியிருந்தால் இரண்டு யுடிஆர், இரண்டையும் சொல்ல வேண்டும். கூடவே எந்த வங்கி, எத்தனை மணிக்கு, எவ்வளவு, எந்த யுபிஐ ஐடி, அவனுடைய போன் நம்பர். இதையெல்லாம் முன்பே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள்.

ஏன் இவ்வளவு அவசரம்? வெற்றிகரமாகப் போன யுபிஐ பணத்தை நம் வங்கியால் நிறுத்த முடியாது. 1930-இல் பதிவான புகார், பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்கு ஆன்லைனிலேயே போகிறது. அந்தக் கணக்கில் பணம் மிச்சம் இருந்தால் முடக்குவார்கள். வேறு கணக்குக்கு மாற்றியிருந்தால் அந்த வங்கிக்குத் தகவல் போகும். ஏடிஎம்மில் எடுத்துவிட்டால் முடக்க எதுவும் இருக்காது. என் முதல் 15,000 அப்படித்தான் போனது. இரண்டாவதில் 9,200 மட்டும் சிக்கியது.

அவள் 1930-இல் பேசும்போதே நான் என் போனிலிருந்து வங்கியைக் கூப்பிட்டேன். நம்பரை டெபிட் கார்டின் பின்புறம் பார்த்து எடுத்தேன். கூகுளில் தேடாதீர்கள், கஸ்டமர் கேர் என்ற பெயரிலேயே போலி நம்பர்கள் அங்கே நிறைய உண்டு. யுபிஐ-யை முடக்கச் சொல்லிவிட்டு, புகார் எண்ணை வாங்கிக்கொண்டேன்.

1930-இலிருந்து எஸ்எம்எஸ்ஸில் ஒப்புகை எண் வந்தது. அன்றிரவே cybercrime.gov.in தளத்தில் சாட், பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட் எல்லாம் ஏற்றிப் புகாரை முழுமையாக்கினேன். கோபத்தில் சாட்டை அழிக்கப் போனேன், நல்லவேளை மனைவி தடுத்தாள்.

முடக்கிய 9,200 இன்னும் என் கைக்கு வரவில்லை, அதற்காகக் காத்திருக்கிறேன். இதற்கிடையில் "சைபர் கிரைம் ஆபீஸ், பணத்தை விடுவிக்க 2,000 கட்டணும்" என்று ஒருவன் போன் செய்தான். ஒப்புகை எண்ணைச் சொல்லுங்கள் என்றேன். வைத்துவிட்டான்.