தான செட்டில்மெண்ட் பத்திரத்தின் மூன்றாம் பக்கத்தைப் படிக்காமல் கையெழுத்திடாதீர்கள்

என் தந்தை தம் பெயரில் இருந்த வீட்டை எனக்குத் தான செட்டில்மெண்டாக எழுதிக் கொடுத்தார். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே கடை வைத்திருக்கும் பத்திர எழுத்தர் ஒருவர்தான் ஆவணத்தைத் தயாரித்தார். பதிவு நாளன்று காலை பதினோரு மணிக்கு டோக்கன். அச்சிட்ட தாள்கள் எங்கள் கைக்கு வந்தபோது பத்தரை. முதல் பக்கத்தில் எங்கள் இருவர் பெயரும் கடைசிப் பக்கத்தில் சொத்து விவரமும் சரியாக இருந்ததைப் பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டோம்.

ஓராண்டு கழித்து வீட்டைப் பழுது பார்க்க வங்கியில் கடன் கேட்டபோதுதான் வங்கியின் வழக்கறிஞர் பத்திரத்தைத் திருப்பி அனுப்பினார். மூன்றாம் பக்கத்தில், "என் தம்பி மகனும் மைனருமான தங்கள் பேரில் எனக்குள்ள அன்பினாலும் பிரியத்தினாலும்" என்று இருந்தது. நானோ அவருடைய மகள், எனக்கு அப்போது நாற்பத்தொன்று வயது. அதற்குக் கீழே, "மேற்படி மைனருக்காக அவருடைய தாயார் கார்டியனாக இருந்து இந்தச் செட்டில்மெண்டை ஏற்றுக்கொண்டு" என்ற வாசகம். என் தாயார் பத்திரம் எழுதப்படுவதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே காலமாகிவிட்டார். யாரோ ஒருவருடைய பழைய பத்திரத்தைக் கணினியில் திறந்து, முன்னும் பின்னும் மட்டும் மாற்றி, நடுவில் இருந்ததை அப்படியே விட்டிருக்கிறார்கள்.

இவற்றில் எது எவ்வளவு பெரிய பிழை என்பதை வழக்கறிஞர் பொறுமையாக விளக்கினார். தமிழ்நாட்டில் குடும்ப உறுப்பினருக்கு எழுதும் செட்டில்மெண்டுக்கு முத்திரைத் தீர்வை ஒரு சதவீதம்தான். 2023 ஜூலை முதல் அதற்கு உச்சவரம்பு 40,000 ரூபாய். மகள் அந்தக் குடும்பத்துக்குள் வருவார். தம்பி மகனோ மருமகளோ வரமாட்டார், அவர்களுக்கு ஏழு சதவீதம். முப்பது லட்ச ரூபாய் மதிப்புள்ள வீட்டுக்கு 30,000 என்பது 2,10,000 ஆகிவிடும். முதல் பக்கத்தில் "மகள்" என்று இருந்ததால் சலுகைத் தீர்வையிலேயே பதிவாகியிருந்தது. ஆனால் ஒரே ஆவணம் இரண்டு உறவைச் சொல்வதால், எது உண்மை என்று பின்னாளில் யார் வேண்டுமானாலும் கேள்வி எழுப்பலாம்.

ஏற்பு வாசகம் அதைவிட முக்கியமானது. சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 122-ஆவது பிரிவின்படி, கொடுப்பவர் உயிரோடும் கொடுக்கும் திறனோடும் இருக்கும்போதே பெறுபவர் தானத்தை ஏற்றிருக்க வேண்டும். அதைப் பத்திரத்திலேயே எழுதியாக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. மூலப் பத்திரம் என்னிடம் இருப்பது, பட்டாவையும் வீட்டு வரியையும் என் பெயருக்கு மாற்றியது ஆகியவையும் ஏற்புக்குச் சான்றாகும் என்பதால் என் பத்திரம் செல்லாமல் போய்விடவில்லை. ஆனால் பத்திரம் தானே வேறொருவர் ஏற்றதாகச் சொல்லும்போது, அந்தச் சான்றுகளையெல்லாம் நான் நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டிய நிலை வரலாம். வங்கி அதற்குத் தயாராக இல்லை.

பெயரிலும் ஒரு சிக்கல் இருந்தது. தந்தையின் பெயர் மூலப் பத்திரத்தில் "சுப்பிரமணியன்", ஆதாரில் "சுப்ரமணியம்". இரண்டும் ஒருவரே என்பதைக் குறிக்கும் "என்கிற" என்ற ஒரு சொல் சேர்த்திருந்தால் போதும்.

எழுத்தரிடம் போய்க் கேட்டதற்கு, "படிச்சுப் பார்த்துத்தானேம்மா கையெழுத்துப் போட்டீங்க?" என்றார். அதில் எனக்கும் பங்கு உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் எழுதுவதற்கென்று கூலி வாங்கியவர் சொல்லும் பதிலா அது?

பிழைதிருத்தல் ஆவணத்தில் எழுதிக் கொடுத்தவரே மீண்டும் கையெழுத்திட வேண்டும். அவர் காலமாகியிருந்தால் மற்ற வாரிசுகளைத் தேடிப் போக வேண்டியிருக்கும். எனக்கு இரண்டு அண்ணன்கள். இதற்கிடையில் தந்தைக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது, நினைவு மட்டும் தெளிவாக இருந்தது. மருத்துவச் சான்றுடன் விண்ணப்பித்து, பதிவு அலுவலரை வீட்டுக்கே வரவழைத்து, இடது கைப் பெருவிரல் ரேகை வைத்துப் பதிவு செய்தோம். செலவு முழுவதும் எங்களுடையதே.

இம்முறை வரைவை இரண்டு நாள் முன்னதாகவே வாங்கி, மூலப் பத்திரத்தையும் ஆதாரையும் அருகில் வைத்துக்கொண்டு நான் வாய்விட்டுப் படிக்க, என் கணவர் ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தார். "மகன்", "மைனர்", "கார்டியன்", "தங்கள்" என்ற சொற்கள் வரும் இடங்களில் நின்று, இது யாரைக் குறிக்கிறது என்று கேட்டுக்கொண்டோம். ஏற்பு வாசகத்தை, "எழுதிப் பெறுபவராகிய நான் இந்தத் தானத்தை முழு மனதுடன் ஏற்றுச் சொத்தைச் சுவாதீனம் பெற்றுக்கொண்டேன்" என்று என் பெயரிலேயே எழுதச் சொல்லி, அதன் கீழ் நானும் கையெழுத்திட்டேன். அந்த வரைவிலும் செட்டில்மெண்ட் பத்திரத்தின் ஆவண எண்ணில் ஓர் இலக்கம் மாறியிருந்தது. படுக்கையில் கேட்டுக்கொண்டிருந்த தந்தைதான் அதைக் கண்டுபிடித்தார்.