மீதியை உறுதிப்படுத்தும் கடிதத்தை விற்பனைப் பிரதிநிதியின் கையில் கொடுத்துவிடாதீர்கள்

ஹட்டனில் மாமாவின் இரும்புக்கடைக்கு நான்தான் கணக்கு எழுதுகிறேன். கொழும்பு விநியோகஸ்தர் ஒருவரிடமிருந்து கூரைத் தகரம், குழாய், தண்ணீர்த் தாங்கி எல்லாம் கடனுக்கு எடுக்கிறோம். சென்ற வருடம் அந்தக் கணக்கில் நான் ஏமாந்ததை இங்கே எழுதுகிறேன். கம்பனியின் பெயரைச் சொல்லப்போவதில்லை.

மார்ச் 31இல் எங்கள் பேரேட்டின்படி நாங்கள் அவர்களுக்குக் கொடுக்க வேண்டியது 412,500 ரூபாய். சித்திரைப் புத்தாண்டுக்கு முன் கணக்கை மூடிவிட வேண்டும் என்பது மாமாவின் பிடிவாதம். கணக்காய்வாளரும் மீதியை எழுத்தில் உறுதிப்படுத்தி வாங்கச் சொல்லியிருந்தார். "எங்கள் பேரேட்டின்படி 412,500 ரூபாய். சரியென்றால் கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்பவும்" என்று கடிதம் எழுதினேன். முதல் பிழை அந்த வாக்கியம்தான்.

தபாலில் சேர்க்கப் புறப்பட்ட நேரத்தில் அவர்களுடைய விற்பனைப் பிரதிநிதி கடைக்கு வந்தார். "அக்கா, நான் நாளைக்குக் கொழும்புக்குத்தானே போகிறேன். தபாலுக்கு ஏன் மினக்கெடுகிறீர்கள்? கையோடு முத்திரை குத்தி வாங்கி வருகிறேன்" என்றார். கொடுத்துவிட்டேன். இரண்டாவது பிழை அது. ஐந்தாம் நாள் கடிதம் திரும்பி வந்தது. ஊதா நிற முத்திரை, அதன் மேல் ஒரு சுழித்த கையொப்பம். கோப்பில் போட்டுக் கணக்கையும் மூடினேன்.

ஜூனில் கம்பனியின் கணக்குப் பிரிவிலிருந்து வக்கீல் கடிதத்துக்கு முந்திய எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அவர்களுடைய புத்தகத்தில் மார்ச் 31இல் எங்கள் நிலுவை 746,000 ரூபாய். வித்தியாசம் 333,500.

இரண்டு இரவுகள் உட்கார்ந்து பில் பில்லாக ஒப்பிட்டேன். மார்ச் 30ஆம் திகதி நான் பிரதிநிதியிடம் கொடுத்த 60,000 ரூபாய் செக் அவர்கள் புத்தகத்தில் ஏப்ரலில்தான் ஏறியிருந்தது. அது நியாயமான வித்தியாசம், தானாகவே சரியாகிவிட்டது. நெளிந்து வந்ததால் திருப்பி அனுப்பிய தகரம் 48,500. அதற்குக் கிரெடிட் நோட் போடப்படவே இல்லை. மீதி 225,000 முழுக்கக் காசு. "செக் மாறும்வரை அடுத்த லொறியை விட மாட்டார்கள், காசாகத் தாருங்கள்" என்று அவர் கேட்டபடி இரண்டு தடவையாக, 150,000, பிறகு 75,000 என்று கொடுத்தது. இரண்டுக்கும் தற்காலிகப் பற்றுச்சீட்டு வைத்திருந்தேன். அதன் அடியில் எறும்பு போன்ற எழுத்தில், தலைமை அலுவலகப் பற்றுச்சீட்டு கிடைத்த பின்னரே செல்லுபடியாகும் என்று அச்சிட்டிருந்தது.

கோப்பிலிருந்த கடிதத்தின் பிரதியை அனுப்பினேன். அது தங்கள் கணக்குப் பிரிவின் முத்திரையும் இல்லை, கையொப்பமும் இல்லை என்று பதில் வந்தது. பிரதிநிதி மே மாதமே வேலையை விட்டுப் போய்விட்டாராம். தகரத்தின் 48,500ஐக் கழித்தார்கள், ஏனென்றால் திருப்பிய சரக்குச் சீட்டில் அவர்களுடைய களஞ்சியக்காரரே ஒப்பமிட்டிருந்தார். காசு இன்னும் இழுபறியில் இருக்கிறது. மாமா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்தக் கடிதம் பொய் என்பது வந்த அன்றே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். 30ஆம் திகதி ஹட்டனில் கைமாறிய செக், 31ஆம் திகதி கொழும்புப் புத்தகத்தில் எப்படி ஏறியிருக்கும்? உண்மையில் யாராவது பேரேட்டைத் திறந்து பார்த்திருந்தால் குறைந்தது 60,000 ரூபாயாவது வித்தியாசம் வந்திருக்கும். ரூபாய்க்கு ரூபாய் ஒத்துப்போனதே, என் தொகையின் கீழே யாரோ கையொப்பம் மட்டும் இட்டிருக்கிறார் என்பதற்கு அடையாளம். நானோ ஒத்துப்போனதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன்!

இந்த வருடம் கடிதத்தில் எங்கள் தொகையை எழுதவில்லை. "மார்ச் 31இல் உங்கள் புத்தகத்தின்படி எங்களிடமிருந்து வரவேண்டிய மீதி எவ்வளவு என்று எழுதி, தீராத பில்களின் இலக்கம், திகதி, தொகை அடங்கிய பட்டியலை இணைத்து அனுப்புங்கள்" என்று மட்டும் கேட்டேன். பில்லில் அச்சிட்டிருந்த தலைமை அலுவலக முகவரிக்கு, கணக்குப் பிரிவின் பெயரில், பதிவுத் தபாலில் அனுப்பினேன். பதிலைக் கணக்காய்வாளரின் முகவரிக்கே நேரே அனுப்பச் சொன்னேன். பெரிய மீதி இருப்பவர்களோடு நிறுத்திக்கொள்ளவில்லை. வருடம் முழுக்க அதிகமாகச் சரக்கு எடுத்து, எங்கள் புத்தகத்தில் மீதியே இல்லை என்று காட்டும் இருவருக்கும் அனுப்பினேன். நாம் எழுத மறந்த பில் நம்முடைய பேரேட்டில் ஒருபோதும் தெரியாது, கொடுத்தவர் புத்தகத்தில்தான் தெரியும்.

அதே கம்பனியின் பதில் பதினொரு நாளில் வந்தது. எங்கள் தொகையைவிட 27,400 ரூபாய் அதிகம். பட்டியலைப் பார்த்தேன்: மார்ச் 30ஆம் திகதியிட்ட குழாய் பில். கினிகத்தேனை ஏற்றத்தில் லொறி பழுதாகி நின்று, அந்தச் சரக்கு ஏப்ரல் 2ஆம் திகதிதான் எங்கள் கடையில் இறங்கியிருந்தது.