முள் ஒன்று, ஓடோமீட்டர் ஒன்று, போன் இன்னொன்று

பீடோரில் இருந்துகொண்டு வேலைக்காகத் தோட்டம் தோட்டமாகச் சுற்றுகிறேன். மைலேஜ் கிளைம் எழுத வேண்டியிருப்பதால், டாஷ்போர்டில் போனை மாட்டி ஜிபிஎஸ் தூரத்தையும் கார் மீட்டரையும் சில வருஷமாக ஒத்துப் பார்த்து வருகிறேன்.

ஹைவேயில் ஸ்பீடோமீட்டர் முள் 110ல் நிற்கும்போது போன் 103தான் காட்டும். பலரும் இதை வைத்து, "அப்போ ஓடோமீட்டரும் கூட்டித்தான் எண்ணுது" என்கிறார்கள். அது சரியில்லை. சோதிக்க ஹைவே ஓரத்துக் கிலோமீட்டர் கற்களே போதும். பீடோரில் ஏறித் தெற்கே போகும்போது ஒரு கல்லில் டிரிப் மீட்டரை பூஜ்யமாக்கி, 20 கிலோமீட்டர் தள்ளிப் பார்த்தேன். போன் 20.0, கார் 20.3. முள்ளின் பொய் ஓடோமீட்டரிலும் இருந்தால் 21.3 வந்திருக்க வேண்டும்.

முள்ளும் ஓடோமீட்டரும் ஒரே சக்கரச் சுற்றைத்தான் எண்ணுகின்றன. ஆனால் முள் உண்மை வேகத்துக்குக் கீழே காட்டவே கூடாது என்பது ஐ.நா. வாகன விதி எண் 39. மேலே காட்டலாம், உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கோடு இன்னும் 4 கிலோமீட்டர் வரை. அதனால் தயாரிப்பாளர்கள் வேண்டுமென்றே முள்ளைக் கொஞ்சம் தூக்கி வைக்கிறார்கள். ஓடோமீட்டருக்கு அந்தத் தூக்கல் கிடையாது.

அப்புறம் அந்த 0.3 எங்கிருந்து வந்தது? டயர் தேய்ந்திருந்தது. என் 185/55 R15 டயரின் விட்டம் புதிதில் ஏறக்குறைய 584 மில்லிமீட்டர். 8 மில்லிமீட்டர் பட்டை 3 ஆகத் தேய்ந்தால் விட்டத்தில் 10 போய்விடும். சக்கரம் சிறுத்தால் அதே தூரத்துக்கு அதிகம் சுற்றும், மீட்டரும் அதிகம் எண்ணும். அதே அளவில் புது டயர் போட்டதும் அதே கற்களுக்கிடையே 20.0 வந்தது. முள் 110ல் நிற்கும்போது போனும் 105க்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

ஆனால் செம்பனைக் காட்டுக்குள் கதை வேறு. தோட்டத்துக் கோயில் வரை கார் 6.1 காட்டும், போன் 6.0. இங்கே குறைவது போன்தான். நான் வைத்திருக்கும் ஆப் பேட்டரியை மிச்சப்படுத்த 5 விநாடிக்கு ஒருமுறைதான் புள்ளி வைக்கிறது. 34 கிலோமீட்டர் வேகத்தில் அதற்குள் 47 மீட்டர் ஓடிவிடும். 30 மீட்டர் ஆரமுள்ள செங்கோண வளைவில் கார் ஓடுவது 47 மீட்டர். வளைவின் இரு முனையிலும் புள்ளி விழுந்து, அவற்றை நேர்க்கோட்டில் இணைத்தால் 42தான். இப்படி இருபது வளைவு வந்தால் 100 மீட்டர் வரை போச்சு. வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் கோடு ரோட்டை விட்டுச் செம்பனை வரிசைக்குள் குறுக்கே பாய்வது தெரியும். மரநிழலில் காரை நிறுத்தி டீ குடித்தால் நேர்மாறு: சிக்னல் ஆட ஆட, நின்ற இடத்திலேயே போனில் தூரம் ஏறும்.

எனவே தோட்ட ரோட்டுக்கு ஓடோமீட்டர் எண்ணைத்தான் கிளைமில் எழுதுகிறேன். டயர் கடை தவுக்கே 195/55 போடச் சொன்னார். அதன் விட்டம் 595, ஏறக்குறைய 2 சதவீதம் பெரிது. 20 கிலோமீட்டர் ஓடினால் மீட்டர் 19.6 என்று காட்டும், கிளைம் குறையும். வேண்டாம் என்றுவிட்டேன்.