ஒரு ஸ்டார் ரிவ்யூவுக்கு என்ன பதில்: அச்சுப் பதிலா, பில்லைத் தேடிய பதிலா?

மோசமான ரிவ்யூ வந்தால் உணவகங்கள் வழக்கமாக மூன்றில் ஒன்றைச் செய்கின்றன. கண்டுகொள்ளாமல் விடுவது, எல்லோருக்கும் ஒரே அச்சுப் பதிலைப் போடுவது, நடந்ததை விசாரித்துவிட்டு எழுதுவது.

மௌனத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. கூகுளில் நீங்கள் எழுதும் பதில், குறை சொன்னவரைவிட நாளை எங்கே சாப்பிடலாம் என்று தேடுகிறவருக்குத்தான் அதிகம் பயன்படும். தங்கும் விடுதிகளை வைத்து புரோசெர்பியோ, செர்வாஸ் இருவரும் செய்து 2017இல் வெளியான ஆய்வில், பதிலளிக்கத் தொடங்கிய விடுதிகளின் சராசரி மதிப்பெண் சுமார் 0.12 ஸ்டார் ஏறியது. குறை சொல்லும் ரிவ்யூக்கள் குறைந்தன, ஆனால் வந்தவை நீளமாக இருந்தன. மேம்போக்காகக் கொட்டிவிட்டுப் போக நினைப்பவர், ஒருவர் படித்துப் பதில் சொல்வார் என்று தெரிந்ததும் தயங்குகிறார் என்பது அவர்கள் தரும் விளக்கம். உணவகத்துக்கு அதே எண் வரும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும்தான். "தங்கள் கருத்துக்கு நன்றி, சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்பதை ஒட்ட பத்து விநாடி போதும். அதே வாக்கியம் வரிசையாக இருபது முறை தெரிந்தால் மௌனமே மேல் என்று தோன்றும். அதைவிடப் பெரிய நஷ்டம், அதை ஒட்ட எதையும் தேடிப் பார்க்க வேண்டியதில்லை என்பது.

விசாரித்து எழுதுவதில் வேலை உண்டு. மூன்று ஸ்டாரும் அதற்குக் கீழும் வந்த ஒவ்வொன்றுக்கும் இரண்டு நாளுக்குள் பதில்; எழுதுபவர் ஒரே ஆள்; பில்லையும் அன்றைய ஷிப்ட்டில் இருந்தவரையும் பார்க்காமல் எழுதக் கூடாது. கோபம் வந்தால் மறுநாள் எழுதலாம், அதற்குத்தான் இரண்டு நாள். பதில் இப்படி இருக்கும்: "நீங்கள் சொன்ன இரவின் பில்லைப் பார்த்தோம். ஆர்டர் எடுத்து 38 நிமிடம் கழித்துத்தான் தட்டு உங்கள் மேசைக்கு வந்திருக்கிறது. தவறு எங்களுடையது." பில்லே கிடைக்கவில்லையா? வந்த தேதியைக் கேட்டு நிதானமாக ஒரு வரி எழுதுங்கள். போலி என்று சந்தேகம் இருந்தால் கூகுளிடம் புகார் செய்யலாம், ஆனால் பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் அவர்கள் எதையும் நீக்குவதில்லை. ரிவ்யூவை எடுத்தால் சலுகை தருகிறோம் என்று பேரம் பேசுவது அவர்கள் விதிக்கே எதிரானது.

இப்படி விசாரிக்கும்போது ஒவ்வொரு ரிவ்யூவும் நோட்டில் ஒரு வரி ஆகிவிடுகிறது: சாப்பிட வந்த தேதி, நேரம், மேசை, குறை. ரிவ்யூ போட்ட தேதியை எழுதிவிடாதீர்கள். சனிக்கிழமை சாப்பிட்டவர் திங்கட்கிழமை ஓய்வாக உட்கார்ந்து எழுதுவார், நீங்கள் திங்கட்கிழமை ஆட்களைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

நோட்டை எப்படிப் படிப்பது என்பதிலும் இரண்டு வழி இருக்கிறது. ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். மூன்று மாதத்தில் "ஆறிப்போய் வந்தது" என்ற குறை சனிக்கிழமைகளில் 10, செவ்வாய்க்கிழமைகளில் 4. எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர் சனிக்கிழமைக்கு இன்னொரு சமையல்காரரைப் போடுவார். பில்லோடு வகுத்துப் பார்ப்பவருக்கு வேறு கதை தெரியும். சனிக்கிழமைகளில் மொத்தம் 1,200 பில், செவ்வாய்க்கிழமைகளில் 300. ஆயிரம் பில்லுக்கு சனிக்கிழமை சுமார் 8 குறை, செவ்வாய்க்கிழமை 13. கூட்டமே இல்லாத நாளில்தான் சாப்பாடு அதிகமாக ஆறுகிறது!

சரி, உடனே ஆளை மாற்றலாமா? நான் மாற்ற மாட்டேன். நாலு குறை என்பது மிகச் சின்ன எண், ஒன்று குறைந்தாலே வித்தியாசம் பெரும்பாலும் போய்விடும். அது எங்கே பார்க்க வேண்டும் என்று மட்டும்தான் சொல்கிறது. இரண்டு செவ்வாய்க்கிழமை இரவு, சமையலறையிலிருந்து தட்டு வெளியே வரும் கவுண்டர் பக்கத்தில் கடிகாரத்தோடு நில்லுங்கள். சமையல் முடிந்த நேரம், தட்டு கிளம்பிய நேரம் இரண்டையும் குறியுங்கள். முதல் நேரம் வழக்கம்போல இருந்து, தட்டு மட்டும் ஏழெட்டு நிமிடம் கவுண்டரிலேயே கிடந்தால் அடுப்பைக் குறை சொல்லிப் பயனில்லை. தட்டு எடுத்துப் போகும் ஆளுக்கு அன்றுதான் வார விடுமுறையாக இருக்கும். சர்வர்கள் ஆர்டரும் எடுத்து பில்லும் போட்டுக்கொண்டு திரும்பி வருவதற்குள் ஆறிவிடுகிறது. "ரொம்ப நேரம் ஆச்சு" என்று தனித் தலைப்பில் எழுதி வைத்த குறைகளில் சிலவும் இதே கவுண்டரில் பிறந்தவையாக இருக்கும். அவற்றின் நேரத்தையும் எடுத்து ஒப்பிடுங்கள்.

விடுமுறை நாளில் யார் தட்டு எடுப்பது என்று முடிவானதும் பழைய பதில்களுக்குத் திரும்பிப் போகலாம். கூகுளில் போட்ட பதிலைத் திருத்த முடியும். "தவறு எங்களுடையது" என்பதற்குக் கீழே, செவ்வாய்க்கிழமைகளில் தட்டு எடுத்துவரத் தனி ஆள் போட்டிருக்கிறோம் என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.