வெளிவெப்பநிலை தெரியாதபோது: எல்எம்டிடியா, என்டியுவா?

ஒரு எண்ணெய்க் குளிர்விப்பானை எடுத்துக்கொள்வோம். எதிரோட்ட அமைப்பு, பரப்பு A = 5 சதுர மீட்டர், வெப்பக் கடத்துக் கெழு U = 300 W/m²K. எண்ணெய் 110 டிகிரியில் நுழைகிறது, தண்ணீர் 30 டிகிரியில். பாய்வு வீதத்தைத் தன்வெப்பத்தால் பெருக்கினால் எண்ணெய்க்கு 1 kW/K, தண்ணீருக்கு 2 kW/K. எண்ணெய் எத்தனை டிகிரியில் வெளியேறும்?

மடக்கைச் சராசரி வெப்பநிலை வேறுபாட்டு முறை, அதாவது எல்எம்டிடி, இங்கே ஊகத்தில்தான் தொடங்க முடியும். அந்தச் சராசரியைக் கணக்கிடவே வெளிவெப்பநிலைகள் வேண்டும். எண்ணெய் 70 டிகிரியில் வரும் என்று வைப்போம். அப்படியானால் அது இழந்தது 40 kW. தண்ணீர் 50 டிகிரிக்கு ஏறும். சராசரி வேறுபாடு 49.3 டிகிரி. UA 1.5 kW/K என்பதால், பரிமாற்றி கடத்துவதோ 74 kW. பொருந்தவில்லை. அந்த 74-ஐயே அடுத்த ஊகமாக வைத்தால் 28 கிடைக்கிறது. 28-ஐ வைத்தால் 88. எண்ணெயை 30 டிகிரி வரை குளிர்வித்தாலும் 80 kW-தான் கிடைக்கும். அதற்கு மேல் போனால் எண்ணெய் தண்ணீரைவிடக் குளிர்ந்துவிட்டதாக அர்த்தம். மடக்கைக்குள் எதிர்ம எண் வந்து கணக்கு அங்கேயே நிற்கும். ஊகத்துக்கும் விடைக்கும் நடுமதிப்பை எடுத்தால் சீக்கிரம் குவியும் என்பது உண்மைதான். ஆனால் அதைத் தெரியாமல் விரிதாளில் சுற்றவிட்டவர் பரிமாற்றியைத்தான் சந்தேகிப்பார்.

பரிமாற்ற அலகுகளின் எண்ணிக்கை முறை, அதாவது என்டியு, வேறு கேள்வி கேட்கிறது: அதிகபட்சம் சாத்தியமான 80 kW-இல் எத்தனை பங்கு கிடைக்கும்? அந்தப் பங்குதான் விளைதிறன், ε. பாய்வு வீதத்தைத் தன்வெப்பத்தால் பெருக்கிய இரண்டு எண்களில் சிறியது Cmin, பெரியது Cmax.

```
NTU = UA/Cmin = 1.5/1 = 1.5
Cr = Cmin/Cmax = 0.5
E = exp(-NTU(1-Cr)) = 0.472
ε = (1-E)/(1-Cr·E) = 0.691
q = 0.691 × 80 = 55.3 kW
```

எண்ணெய் 54.7 டிகிரியில் வெளியேறும், தண்ணீர் 57.6-இல். ஊகமே தேவைப்படவில்லை. பரப்பை இரட்டிப்பாக்கினால் என்ன ஆகும் என்பதும் உடனே தெரிகிறது: NTU 3, ε 0.874, வெப்பம் 70 kW. இருமடங்கு உலோகத்துக்குக் கால்பங்கு சொச்சம் கூடுதல்தான்.

வழுக்கும் இடம் Cmin. பாய்வு வீதம் குறைந்த திரவமே Cmin என்று நினைத்துவிடுகிறார்கள். தன்வெப்பத்தையும் பெருக்கித்தான் ஒப்பிட வேண்டும். இன்னொன்று, Cr சரியாக 1 ஆனால் மேலே உள்ள சூத்திரம் 0/0 ஆகிவிடும்; அப்போது ε = NTU/(1+NTU).

அதற்காக எல்எம்டிடியைத் தள்ளிவிட வேண்டியதில்லை. நான்கு வெப்பநிலைகளும் நிர்ணயிக்கப்பட்டு, பரப்பு மட்டும் வேண்டும் என்றால் அதுவே நேர்வழி. மாறாக, பரிமாற்றி ஏற்கெனவே இருந்து, பாய்வோ நுழைவு வெப்பநிலையோ மாறுகிறது என்றால் நான் என்டியுவைத்தான் எடுப்பேன்.

அங்கும் ஒரு மறுகணக்கு மிஞ்சும். எண்ணெயின் பாகுநிலை வெப்பநிலையோடு வெகுவாக மாறும், அதனால் U-வும் மாறும். கிடைத்த விடைப்படி எண்ணெயின் சராசரி 82 டிகிரி. அந்த வெப்பநிலைக்குரிய பாகுநிலையில் U-வைத் திருத்தி, அதே ஐந்து வரிகளை மீண்டும் போட வேண்டும்.