ஸ்டால் ஒதுக்கீடு: முன்பதிவா, அமைப்பாளர் முடிவா, குலுக்கலா?

நாற்பது ஸ்டால்கள் கொண்ட சிறிய வணிகக் கண்காட்சிதான் ஒதுக்கீட்டில் அதிகம் தடுமாறுகிறது. பெரிய கண்காட்சிகளுக்கு இதற்கென்றே தனி அலுவலகம் இருக்கும். இங்கே சங்கத்துச் செயலாளரும் இரண்டு உதவியாளர்களும்தான். இடமோ கல்யாணத்துக்காகக் கட்டிய மண்டபம்: கோடியில் மேடை, நடுவில் தூண்கள், விளக்குக்கும் ஏசிக்கும் கணக்கிட்டுப் போட்ட மின் இணைப்பு.

அப்படி ஒரு மண்டபத்தை எடுத்துக்கொள்வோம். 27 மீட்டர் அகலம், மேடையை விட்டுவிட்டால் 30 மீட்டர் நீளம். ஸ்டால் வழக்கமான மூன்றுக்கு மூன்று மீட்டர். இரு பக்கச் சுவரோரமும் எட்டு எட்டு ஸ்டால்கள். நடுவில் முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை வரிசைகள் இரண்டு, ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு. இடையில் மூன்று மீட்டர் நடைவழி. மொத்தம் நாற்பது. நடு வரிசைகளின் முனைகளில் மட்டும் இரண்டு பக்கம் திறந்த எட்டு மூலை ஸ்டால்கள் கிடைக்கும். கண்காட்சி உணவுப் பதப்படுத்துதல் பற்றியது என்று வைத்துக்கொண்டால் செக்கு, மாவரைக்கும் இயந்திரம், மசாலா, பேக்கிங், கடன் தரும் வங்கி எல்லாம் ஒரே கூரையின் கீழ் வரும்.

இந்த நாற்பதையும் பங்கிட நடைமுறையில் மூன்று வழிகள் உள்ளன.

முதலில் பணம் கட்டியவருக்கு முதலில் இடம் என்பது எல்லோரும் அறிந்த வழி. இதன் பலம் பணம்தான். மண்டபத்துக்கும் பந்தல்காரருக்கும் முன்பணம் கொடுக்க வேண்டிய நேரத்தில் கையில் காசு வந்துவிடும். அந்த நெருக்கடியை அனுபவித்தவன் என்பதால் இந்த முறையை நான் இழித்துப் பேச மாட்டேன். ஆனால் யார் முதலில் என்பதிலேயே தகராறு தொடங்குகிறது. ஒருவர் காலை பத்து மணிக்குக் காசோலை கொடுத்திருப்பார், இன்னொருவர் பத்தரைக்கு யுபிஐயில் செலுத்தியிருப்பார். பணம் கணக்கில் ஏறிய நேரம்தான் கணக்கு என்று ஸ்டால் எடுப்போருக்குத் தரும் விதிமுறைக் கையேட்டில் எழுதாவிட்டால் இருவர் பக்கமும் நியாயம் இருக்கும். அதைவிடப் பெரிய குறை, எல்லோரும் வாசலருகே இடம் பிடிப்பது. கடைசி வாரத்தில் பத்து ஸ்டால் விற்காமல் நின்றால், அந்தப் பத்தும் மேடைப் பக்கமாகவே இருக்கும். பின்னால் வெறிச்சோடிய வரிசையைப் பார்த்த பார்வையாளர் பாதியில் திரும்பிவிடுவார். அங்கே காசு கொடுத்து உட்கார்ந்திருக்கும் இரண்டு மூன்று பேர்தான் பாவம். இந்த வழியில்தான் போவது என்றால் ஒரு வரிசை முழுவதும் நிரம்பிய பிறகே அடுத்த வரிசையை விற்பனைக்குத் திறக்க வேண்டும்.

அமைப்பாளரே இடம் குறிப்பது இரண்டாவது வழி. மண்டபத்தை அறிந்தவர் செய்தால் இதற்கு இணையான தரைப்படம் வேறு எதிலும் வராது. கூட்டம் இழுக்கும் நிறுவனத்தைக் கோடியில் வைத்து மக்களை உள்ளே நடக்கவைப்பார். ஒரே பொருளை விற்கும் இருவரை எதிரெதிரே வைக்க மாட்டார். மின்சாரத்தையும் பார்த்துக்கொள்வார். மூன்று குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது 2.2 கிலோவாட் அளவில் இருந்தாலும், நேரடியாகக் கிளப்பும் நொடியில் இயல்பைவிட ஐந்தாறு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். அதை ஸ்டாலுக்கான சாதாரண பிளக்கில் செருகினால் அந்த வரிசை விளக்குகள் ஒருமுறை மங்கும், அல்லது சுவிட்ச் விழுந்து வரிசை முழுதும் இருளும். அத்தகைய இயந்திரங்களை மும்முனை மின்சாரப் பெட்டி உள்ள சுவரோரமே வைத்தால், நடைவழியின் குறுக்கே கேபிள் ஓட வேண்டியதில்லை.

இதன் நோய் சந்தேகம். ஒதுக்கீடு வெளியான அன்று மாலையே தொலைபேசி அடிக்கத் தொடங்கும். நீண்ட கால உறுப்பினர் ஒருவர், அவருக்கு ஏன் மூலை, எனக்கு ஏன் தூணருகே என்று என்னிடம் கேட்டார். காரணம் இருந்தது, ஆனால் அதை முன்கூட்டியே எங்கும் எழுதி வைக்கவில்லை. எழுதாத காரணத்தை யாரும் நம்புவதில்லை.

மூன்றாவது குலுக்கல். இதிலும் இரண்டு வகை. ஸ்டால் எண்ணையே சீட்டில் எழுதி எடுப்பது ஒன்று. வரிசை எண்ணை எடுத்து, அந்த வரிசைப்படி ஒவ்வொருவரும் வரைபடத்தின் முன் நின்று தமக்கு வேண்டியதைத் தேர்வது மற்றொன்று. முதல் வகையை விட்டுவிடுங்கள். செக்குக்காரருக்கு நடு வரிசையும் வங்கிக்கு மின்பெட்டி அருகே இடமும் விழுந்தால் நேர்மை இருக்கும், கண்காட்சி இருக்காது. இரண்டாவது வகையில் ஆளுக்கு இரண்டு நிமிடம் கொடுத்தாலும் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். எல்லோர் கண்முன்னும் நடப்பதால் அன்று இரவு தொலைபேசி ஒலிப்பதும் குறையும். ஒரு சிக்கல் மட்டும் உண்டு: இரண்டு ஸ்டால் கேட்டவரின் முறை வரும்போது ஒட்டிய இடம் மீந்திருக்காது. அவர்களுக்கு மட்டும் முதலில் தனியாகக் குலுக்கிவிட்டால் அது தீர்ந்துவிடும்.

என் தேர்வு இரண்டாவதையும் மூன்றாவதையும் சேர்த்தது. பகுதியை அமைப்பாளர் பிரிக்கட்டும், பகுதிக்குள் குலுக்கல் நடக்கட்டும். நம் மண்டபத்தில் மின்பெட்டி உள்ள வலச் சுவரின் எட்டு இடங்கள் இயந்திரங்களுக்கு. இடச் சுவரின் எட்டு பேக்கிங் நிறுவனங்களுக்கு. நடுவிலுள்ள இருபத்து நான்கில் மேடைப் பக்கம் நான்கு வங்கிக்கும் ஆலோசனை தருவோருக்கும், மீதி இருபது உணவுப் பொருளுக்கு. மூலை ஸ்டால்களுக்குப் பத்து சதவீதம் கூடுதல் வாடகை என்றால், அதற்குச் சம்மதம் என்று விண்ணப்பத்தில் குறித்தவர் மட்டுமே மூலையைத் தேர்ந்தெடுக்கலாம். வாடகை 30,000 ரூபாய் என்றால் 18 சதவீத ஜிஎஸ்டியோடு சாதாரண ஸ்டால் 35,400, மூலை 38,940. இந்த இரண்டு தொகையையும் குலுக்கலுக்கு முன்பே காட்டிவிட வேண்டும்.

இது நடக்க வேண்டுமானால் கையேட்டின் வரிசை மாற வேண்டும். நான் பார்த்த கையேடுகளில் ஒதுக்கீடு முதலில் வரும், மின்தேவைப் படிவம் பிறகு வரும். அந்தப் படிவம் வந்து சேரும்போது மாவரைக்கும் இயந்திரத்துக்குத் தவறான சுவரில் இடம் கொடுத்தாகிவிட்டிருக்கும். சிறிய கண்காட்சியில் எந்த இயந்திரம், எத்தனை குதிரைத்திறன், ஒருமுனையா மும்முனையா, என்ன எடை என்ற நான்கு கேள்விகளும் முன்பதிவு விண்ணப்பத்திலேயே இருக்க வேண்டும். முகப்புப் பலகையில் எழுத வேண்டிய பெயர், கூடுதல் நாற்காலி, அடையாள அட்டை ஆகியவை பிறகு வந்தாலும் குடி முழுகாது.

வரைபடத்துக்கும் ஒரு சொல். மண்டபத்தார் கொடுக்கும் படத்தை நம்பாமல் டேப் பிடித்து அளந்து, ஒவ்வொரு தூணையும் தீயணைப்புக் குழாய்ப் பெட்டியையும் அவசர வழியையும் அதில் குறியுங்கள். தூண் விழும் ஸ்டாலை வாடகை குறைத்து அறிவித்தால் தெரிந்தே எடுப்பவர் வருவார், மறைத்தால் பொருள் இறக்கும் நாளில் சண்டையோடு வருவார். பேனல் கட்டிய ஸ்டாலின் உள்ளளவு 3 மீட்டருக்குச் சற்றுக் குறையும் என்பதையும் எழுதுங்கள். இல்லாவிட்டால் சரியாக 3 மீட்டருக்கு அச்சடித்த ஃபிளெக்ஸின் ஓரத்தை முந்தின இரவு கத்தரித்துக்கொண்டிருப்பார்கள்.

கடைசியாக, எந்த முறையைப் பின்பற்றினாலும் கையேட்டில் இருக்கும் ஒரு வரி: தேவைப்பட்டால் இடத்தை மாற்ற அமைப்பாளருக்கு உரிமை உண்டு. அதை நீக்கச் சொல்ல மாட்டேன், தீயணைப்புத் துறை ஒரு வழியைத் திறக்கச் சொன்னால் மாற்றித்தான் ஆக வேண்டும். ஆனால் எந்தக் காரணங்களுக்காக, எந்தத் தேதி வரை, மாற்று இடம் பிடிக்காவிட்டால் எவ்வளவு பணம் திரும்பக் கிடைக்கும் என்பதை அதே வரியின் கீழே எழுதிவிடுங்கள். திருத்திய வரைபடம் ஒவ்வொன்றிலும் திருத்த எண்ணும் தேதியும் இருக்கட்டும். பழைய படத்தைக் கையில் வைத்துக்கொண்டு பதினேழாம் எண் ஸ்டாலில் பெட்டிகளை இறக்கிவிட்டவரை, இரவு ஒன்பது மணிக்கு இருபத்து மூன்றுக்கு நகரச் சொல்வது மிகக் கடினம்.